மேல் எல்லையில் x² வந்தால்: தப்பான விடையை x = 2 வைத்துப் பிடிப்பது

தொகைக்கு மேல் எல்லையாக x மட்டும் இருந்தால் வகையிடுவதில் யாரும் தடுமாறுவதில்லை. அங்கே x² அல்லது sin x வந்து உட்கார்ந்ததும் விடைகள் நாலா பக்கமும் சிதறும். தப்பான விடையும் சரியான விடை போலவே தெரிவதுதான் இதில் தொல்லை. அதே வர்க்கமூலம் இருக்கும், அதே ஒன்று இருக்கும், அடுக்கு மட்டும் மாறியிருக்கும், அல்லது முன்னால் ஒரு 2x விட்டுப்போயிருக்கும். கண்ணால் பார்த்துப் பிடிப்பது கஷ்டம். எண்ணைப் போட்டுப் பார்த்தால், எங்கே சறுக்கியது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தொகையின் எல்லைகளை அம்புக்குறி போட்டு எழுதுகிறேன். அம்புக்கு இடப்பக்கம் கீழ் எல்லை, வலப்பக்கம் மேல் எல்லை.

```
F(x) = ∫(0→x²) √(1+t³) dt
F′(x) = 2x · √(1+x⁶)
```

இரண்டாவது வரிதான் சரியான விடை. x = 2 என்று போட்டால் 4 × √65, அதாவது சுமார் 32.25. உங்கள் விடையிலும் 2 போட்டுப் பாருங்கள். வேறு எண் வந்தால் கீழே அந்த எண்ணைத் தேடுங்கள்.

எதற்கு 2? x = 1 போட்டால் x³, x⁵, x⁶ எல்லாமே 1 ஆகிவிடும்; அடுக்கில் செய்த தப்பு முழுக்க மறைந்துபோகும். மாணவர்கள் சரிபார்க்கும்போது வழக்கமாக 1 போடுவார்கள், எளிது என்பதால். இந்தக் கணக்கில் அது தப்பை மறைக்கும் எண்.

முதலில், 32.25 சரிதானா?

நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்தை நம்பாமலேயே பார்க்கலாம். x-ஐ 1.99-இலிருந்து 2.01 வரை நகர்த்துங்கள். x இடம்பெயர்ந்தது 0.02. அதற்குள் மேல் எல்லையான x², 3.9601-இலிருந்து 4.0401-க்குப் போய்விட்டது. அதாவது 0.08. புதிதாகச் சேர்ந்த பரப்பு 0.08 அகலமுள்ள ஒரு மெல்லிய பட்டை. t = 4-க்கு அருகே அதன் உயரம் √(1+64), சுமார் 8.06. பரப்பு 0.645. அதை x நகர்ந்த 0.02-ஆல் வகுத்தால் 32.25.

இந்தச் சின்னக் கணக்கிலேயே விஷயம் முழுவதும் இருக்கிறது. 8.06 என்பது பட்டையின் உயரம். அடிப்படைத் தேற்றம் கொடுப்பது அதைத்தான். x ஒரு பங்கு நகர்ந்தால் எல்லை நான்கு பங்கு ஓடுகிறது; அந்த நான்கைக் கொடுப்பது சங்கிலி விதி. உயரம் ஒன்று, ஓரம் ஓடும் வேகம் இன்னொன்று. இரண்டில் ஒன்று விட்டுப்போவதோ, உயரத்தைத் தப்பான இடத்தில் அளப்பதோதான் கீழே வரும் பெரும்பாலான தப்புகள்.

8.06 வருகிறது

உங்கள் விடை √(1+x⁶). மிக அதிகமாகக் காணப்படும் தப்பு இதுதான். t இருந்த இடத்தில் x² போட்டீர்கள், அது சரி. பிறகு x²-ஐ வகையிட்டு 2x-ஆல் பெருக்க மறந்துவிட்டீர்கள். உயரத்தை அளந்து, ஓரத்தின் வேகத்தை விட்டுவிட்டீர்கள்.

ஏன் மறக்கிறது என்றால், தேற்றத்தை "தொகைக்குறியை அடித்துவிட்டு t-க்குப் பதில் மேல் எல்லையைப் போடு" என்று மனப்பாடம் செய்திருப்பதால். மேல் எல்லை வெறும் x ஆக இருக்கும்வரை இந்த மனப்பாடம் சரியாகவே வேலை செய்யும், ஏனென்றால் x-இன் வகைக்கெழு 1. எல்லை மாறியதும் கைவிட்டுவிடும்.

ஒரு வரி கூடுதலாக எழுதினால் இது வராது. u = x² என்று வைத்து, Φ(u) = ∫(0→u) √(1+t³) dt என்று தனியாக எழுதுங்கள். அப்போது F(x) = Φ(x²). சார்புக்குள் சார்பு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. Φ′(u) = √(1+u³) என்பது அடிப்படைத் தேற்றம். F′(x) = Φ′(x²) · 2x என்பது சங்கிலி விதி. தேற்றத்துக்கு ஒரு வரி, விதிக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதிவிட்டால் 2x தொலைவதற்கு இடமே இல்லை.

எண் போடாமலும் இந்தத் தப்பைப் பிடிக்கலாம். F(x)-இல் x வருவது x² என்ற வேடத்தில் மட்டும்தான். ஆக x = 3 போட்டாலும் x = −3 போட்டாலும் F ஒன்றே; அது இரட்டைச் சார்பு. எதிர்ப்பக்கத்திலிருந்து பூச்சியத்தை நோக்கி வரும்போது பரப்பு குறைகிறது, தாண்டியதும் கூடுகிறது. எனவே x குறை எண்ணாக இருக்கும்போது F′ குறை எண்ணாக வந்தே ஆகவேண்டும், x = 0-வில் பூச்சியமாக வேண்டும். √(1+x⁶) எங்கே பார்த்தாலும் மிகை எண்; x = 0-வில் 1. வடிவத்தைப் பார்த்தே இது ஆகாது என்று சொல்லிவிடலாம்.

எல்லைக் கணக்குகளிலும் இதே தப்பு வேறு முகத்தோடு வரும். x பூச்சியத்தை நெருங்கும்போது F(x)/x² எதை நெருங்குகிறது என்று கேட்டால், மேலும் கீழும் பூச்சியமாவதால் லோபிதாள் விதியைப் போடுவீர்கள். 2x விட்டுப்போனால் √(1+x⁶)/(2x) என்று வந்து, விடை முடிவிலிக்கு ஓடும். உண்மையில் F(x)/x² என்பது 0-விலிருந்து x² வரையான அந்தச் சின்ன இடைவெளியில் √(1+t³)-இன் சராசரி உயரம். இடைவெளி சுருங்கச் சுருங்க அது t = 0-வில் உள்ள உயரமான 1-ஐத்தான் நெருங்கமுடியும். ஒழுங்கான ஒரு சராசரி முடிவிலிக்கு ஓடினால், திரும்பிப்போய் 2x-ஐத் தேடுங்கள்.

12 வருகிறது, அல்லது 3 வருகிறது

12 வந்தால் உங்கள் விடை 2x√(1+x³). இது முந்தையதற்கு நேர் எதிர். சங்கிலி விதியை நினைவு வைத்து 2x-ஐப் போட்டுவிட்டீர்கள். ஆனால் உள்ளே t-க்குப் பதில் x²-ஐப் போடாமல் x-ஐப் போட்டீர்கள். பட்டையை t = 4-இல் நிறுத்தி அளக்க வேண்டிய இடத்தில் t = 2-இல் நின்று அளந்திருக்கிறீர்கள். 3 வந்தால் இரண்டையுமே விட்டிருக்கிறீர்கள்: விடை √(1+x³).

t என்பது தொகைக்குள் மட்டும் வாழும் போலி மாறி. அதற்குப் பதில் s என்று எழுதினாலும் F மாறாது. வகையிட்ட பிறகு அந்த இடத்தில் வருவது "x" அல்ல, மேல் எல்லையில் என்ன எழுதியிருக்கிறதோ அது முழுவதும். மேல் எல்லை sin x என்றால் √(1+sin³x), eˣ என்றால் √(1+e³ˣ).

விடையில் t அப்படியே நிற்கிறதென்றால் x = 2 போடவே முடியாது; 2x√(1+t³) என்று எழுதி வைத்திருப்பீர்கள். இதுவும் இதே நோய்தான், இன்னும் ஆரம்ப நிலையில். F என்பது x-இன் சார்பு, அதன் வகைக்கெழுவில் t-க்கு வேலையில்லை.

22.98 வருகிறது

நுண்கணிதத்தில் தப்பில்லை. (x²)³-ஐ x⁵ என்று எழுதிவிட்டீர்கள். 4√33-தான் 22.98. அடைப்புக்குறியோடு √(1+(x²)³) என்று ஒருமுறை எழுதி, அப்புறம் சுருக்குங்கள்.

2.98 அல்லது 2.00 வருகிறது

2.98-ஐ 3 என்று முழுமையாக்கிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு தப்பு. இங்கே தொகைக்குள் இருக்கும் √(1+t³)-ஐயே வகையிட்டிருக்கிறீர்கள். 3t²/(2√(1+t³)) என்று எழுதி t = x² போட்டால் 2.98, t = x போட்டால் 2.00.

"வகையிடு" என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணில் படும் முதல் சார்பை வகையிடும் பழக்கம் இது. வகையிடச் சொன்னது தொகையை. தொகையிடுவதும் வகையிடுவதும் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. உள்ளே இருக்கும் சார்பு அப்படியே, தொடப்படாமல் வெளியே வரவேண்டும். விடையில் மூல சார்பின் உருவம் மாறி வந்தால், இந்த ஒரு கணக்கில் மட்டுமல்ல, x உள்ளே இல்லாத எந்தத் தொகையிலும் தப்புதான்.

31.25 வருகிறது

சரியான விடையிலிருந்து சரியாக ஒன்று குறைகிறது. கீழ் எல்லையையும் போட்டு √(1+0) = 1-ஐக் கழித்திருக்கிறீர்கள். வரையறுத்த தொகையைக் கணக்கிடும்போது "மேல் எல்லை கழித்தல் கீழ் எல்லை" என்று பழகிய கை இங்கேயும் அதையே செய்கிறது.

மேல் எல்லை கழித்தல் கீழ் எல்லை என்பது உண்மைதான், ஆனால் வகையிடுவதற்கு முன்னால். F(x) = Φ(x²) − Φ(0). இதில் Φ(0) ஒரு மாறிலி, வகையிட்டதும் பூச்சியமாகிவிடும். கழிக்க மிச்சமிருப்பது அந்தப் பூச்சியம் மட்டும். கீழ் எல்லையை 0-விலிருந்து 5-க்கு மாற்றினாலும் F ஒரு நிலையான அளவு மேலே கீழே நகரும், சாய்வு மாறாது. கீழே எண் மட்டும் இருந்தால் அதன் பங்கு ஓரம் நகரும் வேகம், அதாவது பூச்சியம்.

குறி மட்டும் தலைகீழாக வருகிறது

−32.25 வந்தால், எல்லைகளைத் திருப்பிப்போட்ட கணக்கைப் பார்த்திருப்பீர்கள், அல்லது திருப்பத் தேவையில்லாத இடத்தில் திருப்பியிருப்பீர்கள். ∫(x²→0) என்று x² கீழே இருந்தால்தான் குறை குறி வரும்: கீழ் ஓரம் முன்னேறினால் அது பரப்பைத் தின்கிறது.

இரண்டு எல்லையிலும் x இருக்கும்போது இந்தக் குறி அவசியமாகிறது. ∫(3x→x²) √(1+t³) dt-ஐ எடுங்கள். நடுவில் 0-வை நிறுத்தி, 0-விலிருந்து x² வரை ஒன்று, 0-விலிருந்து 3x வரை ஒன்று எனப் பிரித்து இரண்டாவதைக் கழித்தால் போதும்:

```
2x·√(1+x⁶) − 3·√(1+27x³)
```

இங்கே வழக்கமாக விட்டுப்போவது அந்த 3. மேல் எல்லைக்கு 2x போட்ட கையே கீழ் எல்லைக்கு எதையும் போடாமல் விட்டுவிடும். ஒவ்வொரு ஓரமும் தன் வேகத்தைத் தானே கொண்டுவர வேண்டும். x = 2-இல் மேல் ஓரம் 32.25 சேர்க்கிறது, கீழ் ஓரம் 3√217, அதாவது 44.19 எடுத்துக்கொள்கிறது, மிச்சம் −11.94. 3 விட்டுப்போனால் 17.52 என்று மிகையாக வந்து நிற்கும்.

விடையே வரவில்லை, நடுவில் சிக்கிக்கொண்டேன்

முதலில் தொகையிட்டுவிட்டு, பிறகு எல்லைகளைப் போட்டு, அப்புறம் வகையிடலாம் என்று கிளம்பியிருப்பீர்கள். ∫(1→x²) cos t dt போன்ற கணக்கில் அந்த வழி நடக்கும்: sin(x²) − sin 1, வகையிட்டால் 2x cos(x²). முதல்முறை கற்கும்போது இப்படி இரண்டு வழியிலும் செய்து ஒரே விடை வருவதைப் பார்ப்பது நல்லதும்கூட.

ஆனால் √(1+t³)-இன் எதிர்வகைக்கெழுவை நமக்குப் பழக்கமான அடுக்கு, மடக்கை, முக்கோணவியல் சார்புகளால் எழுதமுடியாது. அது நீள்வட்டத் தொகை என்ற வகையைச் சேர்ந்தது. பிரதியிடலை மாற்றி மாற்றி எவ்வளவு நேரம் போராடினாலும் திறக்காது. தேற்றத்துக்கு எதிர்வகைக்கெழு எப்படி இருக்கும் என்று தெரியவேண்டியதில்லை, இருக்கிறது என்றால் போதும். தொகைக்குள் இருக்கும் சார்பு தொடர்ச்சியாக இருந்தால் அது இருந்தே தீரும். இந்த மாதிரிக் கேள்வி கேட்பவர் தொகையிட முடியாத சார்பாகவே பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான்.

தொகைக்குள்ளேயே x இருக்கிறது

இங்கே மேலே சொன்ன சூத்திரத்தை நேரே போட்டால் விடை தப்பாகும்.

எளிய வகை: ∫(0→x²) x√(1+t³) dt. தொகை ஓடுவது t-யில். அதன் கண்ணுக்கு x ஒரு மாறிலி. வெளியே எடுத்துவிடுங்கள், x·F(x) ஆகிறது. பெருக்கல் விதிப்படி விடை F(x) + 2x²√(1+x⁶). விடைக்குள் F(x) என்ற தொகை அப்படியே நிற்பதைப் பார்த்து, முடிக்காமல் விட்டுவிட்டோமோ என்று பலரும் அதை அடித்துவிடுகிறார்கள். அது அங்கே இருக்கவேண்டியதுதான்.

வெளியே எடுக்க முடியாத வகை: H(x) = ∫(0→x²) sin(xt) dt. இதில் x நகரும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. ஓரம் ஓடுகிறது, கூடவே வளைவரையே உருமாறுகிறது. ஓரத்தை மட்டும் பார்த்தால் 2x sin(x³) கிடைக்கும், x = 1-இல் 1.68. உருமாற்றத்தின் பங்கையும் கூட்டவேண்டும். sin(xt)-ஐ, t-ஐ நிறுத்திவைத்து x-ஐப் பொறுத்து வகையிட்டால் t cos(xt), அதை அதே எல்லைகளில் தொகையிட வேண்டும்:

```
H′(x) = 2x·sin(x³) + ∫(0→x²) t·cos(xt) dt
```

லைப்னிட்ஸ் விதி என்று சொல்வது இதைத்தான். இந்தக் கணக்கில் சரிபார்க்க வேறு வழியும் இருக்கிறது. u = xt என்று பிரதியிட்டால் x உள்ளிருந்து எல்லைக்குப் போய்விடும்; H(x) = (1 − cos x³)/x. இதை நேரடியாக வகையிட்டால் 3x sin(x³) − (1 − cos x³)/x². x = 1-இல் இரண்டு வழியும் 2.06 தருகின்றன. 1.68-க்கும் 2.06-க்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் கவனிக்காமல் விட்ட உருமாற்றம். பிரதியிடல் நடக்கும் இடத்தில் நான் அதையே விரும்புவேன். லைப்னிட்ஸ் விதியில் எழுதவேண்டியது அதிகம், தவறவும் வாய்ப்பு அதிகம்.

எல்லாம் சரி, ஆனாலும் விடை அர்த்தமற்றது

கடைசியாக ஒன்று. எந்த எண் போட்டும் இதைப் பிடிக்கமுடியாது. ∫(−1→x²) 1/t² dt-ஐ வகையிடச் சொல்லுங்கள். t-க்குப் பதில் x², முன்னால் 2x: விடை 2/x³. x = 2-இல் 0.25. எந்தப் படியிலும் குறை சொல்லமுடியாது.

ஆனால் கீழ் எல்லை −1, மேல் எல்லை x² ஒருபோதும் குறை எண்ணாகாது. ஆக x எதுவாக இருந்தாலும் அந்த இடைவெளிக்குள் t = 0 சிக்கிக்கொள்கிறது. அங்கே 1/t² எல்லையின்றி உயர்கிறது, அடியிலுள்ள பரப்பும் முடிவற்றது. தொகையே இல்லை, வகையிட எதுவும் இல்லை. தேற்றம் கேட்கும் தொடர்ச்சி ஓர் எல்லையில் மட்டும் இருந்தால் போதாது, இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் முழுக்க இருக்கவேண்டும். கீழ் எல்லையை −1-க்குப் பதில் 1 என்று மாற்றுங்கள்: தொகை 1 − 1/x², வகைக்கெழு 2/x³, x பூச்சியமாக இல்லாதவரை முழுக்கச் சரி. 31.25 வந்தபோது விடையில் இடமே இல்லாத கீழ் எல்லை, இங்கே விடை உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது. நமது √(1+t³)-க்கு இந்தச் சிக்கல் வரவில்லை. t என்பது −1-க்குக் கீழே போனால்தான் வர்க்கமூலம் உடையும், 0-விலிருந்து x² வரை அது நடக்காது.